படத்தில் குதிரையின் கால் கோணலாகத் தெரிந்தால்

கொழும்பில் குதிரை வாங்க நினைப்பவர்களில் பலர் முதலில் படத்தை வைத்தே பாதி முடிவு எடுத்துவிடுகிறார்கள். விற்பனைக்கு நிற்பது நுவரெலியாவில், போய்வர ஒரு நாள் வேண்டும், அதனால் படத்தை மிருக வைத்தியருக்கு அனுப்பி "டொக்டர், கால் நேரா இருக்கா?" என்று கேட்கிறார்கள். கேட்பது நல்லதுதான். ஆனால் அந்தப் படம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரியாமல் பார்த்தால் நல்ல குதிரையைத் தள்ளிவிடுவோம், பிரச்சினை உள்ளதை வாங்கிவிடுவோம்.

அண்மையில் ஒருவர் தன் மகளுக்காகப் பார்த்த மூன்று வயதுப் பெண் குதிரையின் இரண்டு படங்களை எனக்கு அனுப்பினார். முதுகு பள்ளமாக இருக்கிறது, முன்கால்கள் இரண்டும் வெளியே திரும்பியிருக்கின்றன, வேண்டாம் என்று விடலாமா என்று கேட்டார்.

பக்கவாட்டுப் படத்தில் நான் முதலில் பார்த்தது குதிரையை அல்ல, பின்னால் இருந்த வேலியை. வேலி சரிந்து போகிறது என்றால் நிலமும் சரிவு. முன்கால்கள் பள்ளத்தில் நின்றதால் பின்பக்கம் உயர்ந்து தெரிந்தது. அதோடு, படத்துக்காகக் கயிற்றை மேலே இழுத்துத் தலையைத் தூக்கி வைத்திருந்தார்கள். தலை உயர்ந்தால் முதுகு இறங்கும், எந்தக் குதிரைக்கும் அப்படித்தான். தலையை இயல்பாக விட்ட பிறகும் கழுத்து முடியும் இடத்திலுள்ள தோள்மேட்டிலிருந்து இடுப்பு வரை கோடு தொய்ந்தே இருந்தால் அது எலும்பின் அமைப்பு. தோள்மேட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் குழி விழுந்து முதுகெலும்பு மட்டும் துருத்தினால் அது பெரும்பாலும் தசை குறைந்தது: தீனி போதாமை, பொருந்தாத சேணம், வேலையே இல்லாமல் நிற்பது என்று காரணம் தேட வேண்டும், பல நேரங்களில் சரிசெய்யவும் முடியும். இந்தக் குதிரையிடம் இருந்தது இரண்டாவது வகை.

பின்கால் சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு கோடு உண்டு. பிட்டத்தின் பின்முனையிலிருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டதாக நினைத்தால் அது பின்கால் மூட்டின் முனையைத் தொட்டு, கீழ்க்கால் எலும்பின் பின்புறத்தை ஒட்டி இறங்கும். ஆனால் அந்தக் கீழ்க்கால் செங்குத்தாக நிற்கும்போதுதான் இது பொருந்தும். கால் ஒரு எட்டு முன்னாலோ பின்னாலோ இருந்தால் கோடு எதையும் சொல்லாது.

சரி, வெளியே திரும்பிய முன்கால்கள். இங்கேதான் ஆட்கள் அதிகம் பயப்படுகிறார்கள். முன்பக்கப் படத்தில் குளம்பின் நுனியை மட்டும் பார்க்காமல் முட்டி எந்தப் பக்கம் பார்க்கிறது என்றும் பாருங்கள். முட்டியும் குளம்பும் சேர்ந்தே வெளியே பார்த்தால் முழங்கையிலிருந்து முழுக் காலும் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். இளம் குதிரைக்கு நெஞ்சு ஒடுங்கியிருப்பதால் இது சாதாரணமாக வரும், நெஞ்சு அகலும்போது முழங்கை வெளியே தள்ளப்பட்டு கால் ஓரளவு உள்ளே திரும்பும். முட்டி நேராகப் பார்க்க, அதற்குக் கீழே கால் மட்டும் திரும்பினால்தான் கவலை. அதனால் குதிரைக்கு நேர் முன்னால் நிற்காமல், அந்தந்தக் காலின் முட்டிக்கு நேர் முன்னால் நின்று ஒவ்வொரு காலையும் தனியாக எடுக்கச் சொன்னேன். சீமெந்துத் தரையில், குளம்பைக் கழுவி, ஆறேழு மீட்டர் தள்ளி நின்று ஸூம் செய்து, போனைக் குதிரையின் நெஞ்சளவுக்கு இறக்கிப் பிடித்து. கிட்ட நின்று எடுத்தால் போனின் அகன்ற லென்ஸ் முன்னால் இருப்பதைப் பெருக்கி, பின்னால் இருப்பதைச் சுருக்கிவிடும்.

புதுப் படங்களில் திருகல் காணாமல் போனது. ஆனால் இடது முன்காலில் முட்டியின் நடுவும் கீழ்க்கால் எலும்பின் நடுவும் ஒரே கோட்டில் இல்லை, எலும்பு கொஞ்சம் வெளிப்பக்கம் தள்ளிப் பொருந்தியிருந்தது. முதல் படத்தில் இதை யாரும் கவனிக்கவில்லை. இப்படி அமைந்த காலில் பாரம் உட்பக்கத்துச் சிறு எலும்பில் கூடுதலாக விழும், அங்கே வீக்கமும் எலும்புக் கட்டியும் வர வாய்ப்பு அதிகம். வரும் என்று கட்டாயம் இல்லை, இந்த அமைப்போடு வருடக்கணக்கில் வேலை செய்யும் குதிரைகளும் உண்டு.

நொண்டலைப் படம் காட்டாது. ஒரு படத்தில் முன்கால் ஒன்று முன்னே நீட்டியிருந்தால் அந்த நொடியில் பாரத்தை மாற்றியிருக்கலாம். பின்காலை மாறி மாறி ஓய்வுக்கு வைப்பது குதிரையின் வழக்கம், ஆனால் ஒரே முன்காலைத் திரும்பத் திரும்ப நீட்டி நின்றால் அங்கே வலி இருக்கலாம். அதைக் காண வீடியோ வேண்டும். பதினைந்து மீட்டர் நேராகப் போய், திரும்பி வரவேண்டும், முதலில் நடை, அப்புறம் துள்ளுநடை. வலிக்கும் முன்கால் தரையில் படும்போது தலை மேலே போகும். இந்தக் குதிரையின் தலை ஆடவில்லை.

இனி கைதான் பார்க்க வேண்டும். அங்குள்ள வைத்தியர் இடது கீழ்க்காலின் உட்பக்கத்தை முட்டியிலிருந்து கீழே விரலால் அழுத்திக்கொண்டே வந்து, சூடோ கட்டியோ கூச்சமோ இருந்தால் எக்ஸ்ரே எடுக்கட்டும், அதுவரை முற்பணம் கொடுக்க வேண்டாம் என்று அவருக்குச் சொல்லியிருக்கிறேன்.