இரண்டு டிஸ்க் போன சர்வரும் ஒற்றை இரட்டைக் கணக்கும்

நான்கு டிஸ்க் போட்ட சர்வரில் ஒன்று கெட்டுப்போனாலும் மற்ற மூன்றை வைத்து அதில் இருந்ததை மீட்டுவிடலாம் என்கிறார்களே, இல்லாத டிஸ்கில் என்ன இருந்தது என்று இருக்கிற டிஸ்குக்கு எப்படித் தெரியும் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இதை ஒரு கதையாகச் சொன்னால்தான் முழுதாகப் புரியும். கதையில் ஒன்றல்ல, இரண்டு டிஸ்க் போகிறது.

ஒரு சின்ன ஊர் அலுவலகம். கோப்புகள் எல்லாம் ஒரே ஒரு லினக்ஸ் சர்வரில் இருக்கின்றன. 2 டெராபைட் டிஸ்க்குகள் நான்கு, ரெய்டு 5 என்ற முறையில் ஒரே வரிசையாகச் சேர்த்தவை. இரவு எட்டு மணிக்கு சர்வரைக் கவனிக்கும் பெண்ணுக்கு போன் வருகிறது. “மேடம், எந்த ஃபோல்டரும் திறக்கவில்லை. காலையில் ஒன்பதரைக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள்.” அவர் போய்ப் பார்த்தால் வரிசையில் இரண்டு டிஸ்க் இல்லை. ரெய்டு 5 ஒரு இழப்பைத் தாங்கும், இரண்டைத் தாங்காது. அதனால் மொத்தமும் நின்றுவிட்டது.

முதலில் அந்த ஒரு இழப்பை எப்படித் தாங்குகிறது என்று பார்ப்போம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், அதனால் நிதானமாகவே போகலாம்.

மூன்று டிஸ்க்குகளில் ஒரே இடத்தில் இருக்கும் நான்கு நான்கு பிட்களை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுங்கள். நான்காவது வரியில், ஒவ்வொரு பத்தியிலும் 1 எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, ஒற்றைப்படையாக இருந்தால் 1, இரட்டைப்படையாக இருந்தால் 0 என்று போடுங்கள்.

```
b   1011
c   0110
d   1100
e   0001
```

முதல் பத்தியில் 1 இரண்டு முறை இருக்கிறது, அதனால் கீழே 0. கடைசிப் பத்தியில் ஒரே ஒரு 1, அதனால் கீழே 1. இந்த நான்காவது வரிக்குப் பேரிட்டி என்று பெயர். அதையும் சேர்த்து எண்ணினால் எந்தப் பத்தியை எடுத்தாலும் 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படைதான். இப்போது c வரியைக் கையால் மறைத்துவிட்டு மற்ற மூன்றையும் பாருங்கள். முதல் பத்தியில் இரண்டு 1 தெரிகிறது, ஏற்கெனவே இரட்டை, ஆகவே மறைந்திருப்பது 0. இரண்டாவதில் ஒரே ஒரு 1, ஆகவே மறைந்திருப்பது 1. மூன்றாவதிலும் அப்படியே 1. நான்காவதில் இரண்டு, ஆகவே 0. 0110 வந்துவிட்டது. c-க்குப் பதில் b-யை மறைத்தாலும், பேரிட்டியையே மறைத்தாலும் இதே எண்ணிக்கைதான். எது தகவல், எது பேரிட்டி என்ற வேற்றுமையே இந்தக் கணக்குக்குக் கிடையாது. நான்கும் சேர்ந்தால் இரட்டை, அவ்வளவுதான். வாசகரின் கேள்விக்கு விடையும் இதுவே: மற்ற மூன்று டிஸ்க்குகளுக்கும் தொலைந்தது எதுவென்று தெரியாது. ஆனால் நான்குக்கும் நடுவில் இருக்கும் உறவு மாறாமல் நிற்கிறது. அதிலிருந்து தொலைந்ததைக் கணக்கிட்டு எடுக்கிறோம்.

கணினிக்கு இது எக்ஸ்-ஆர் என்ற ஒரே ஒரு செயல். பிழையைத் தானே திருத்தும் குறியீடுகளை ரிச்சர்ட் ஹாமிங் 1950-ல் எழுதியபோது, அவர் கையில் இருந்த அடிப்படைக் கருவி இந்த ஒற்றை இரட்டைக் கணக்குதான். அதை மலிவான டிஸ்க்குகளின் வரிசைக்குப் பயன்படுத்தும் திட்டத்தை 1988-ல் பெர்க்லியின் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூவரும் ஒரு கட்டுரையில் முறையாக வகுத்தார்கள். ‘இந்தக் கணிதத்தால் யாருக்கு என்ன லாபம்’ என்று கேட்டு அடிப்படை ஆய்வுக்கான பணத்தை நிறுத்துகிறவர்களிடம் இந்த முப்பத்தெட்டு ஆண்டு இடைவெளியை நான் எப்போதும் எடுத்துக் காட்டுவேன்.

சரி, நம் ஆள் என்ன செய்கிறார்? எதையும் எழுதாமல், ஒவ்வொரு டிஸ்கிலும் வரிசையைப் பற்றிய குறிப்புகள் இருக்கும் தலைப்புப் பகுதியை முதலில் வாசிக்கிறார்.

```
mdadm --examine /dev/sd[bcde]1 | grep -E '/dev|Update|Events'
```

வரிசையின் நிலை மாறும்போதெல்லாம் ஒரு நிகழ்வு எண் கூடிக்கொண்டே போகும். அது எல்லா டிஸ்கிலும் பதிவாகும். வரிசையிலிருந்து விலகிய டிஸ்கில் மட்டும் அந்த எண் விலகிய நேரத்திலேயே நின்றுவிடும். நம் நான்கு டிஸ்க்குகளுக்கும் லினக்ஸில் sdb, sdc, sdd, sde என்று பெயர். இவற்றில் sdb, sdc இரண்டிலும் 48210. sdd-இல் 48197. sde-இல் 31054, அதன் தேதியும் மூன்று மாதம் பழையது.

நடந்தது இப்போது தெரிகிறது. sde விலகி மூன்று மாதம் ஆகிவிட்டது. எச்சரிக்கை மின்னஞ்சல், வேலையை விட்டுப் போன ஒருவரின் முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. மூன்று டிஸ்கில் ஓடிக்கொண்டிருந்த சர்வரில் இன்று மாலை sdd-யும் விலகியது. ஆனால் அது செத்துவிடவில்லை. மோசமான ஒரு இடத்தை வாசிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்தது. கர்னல் வழக்கமான 30 வினாடி காத்திருந்து இணைப்பை மீட்டமைத்துப் பார்த்தது, பதில் வராததால் ஒதுக்கிவிட்டது. கர்னல் பதிவில் இந்த வரிகள் அப்படியே இருக்கின்றன.

இந்த நேரத்தில் அவசரப்பட்டு sde-ஐ உள்ளே சேர்த்தால் கதை முடிந்தது. மூன்று மாதப் பழைய வரியையும் இன்றைய இரண்டு வரிகளையும் வைத்து எண்ணினால், மாறிப்போன இடங்களில் எல்லாம் குப்பைதான் வரும். `--create` என்று புதிதாக வரிசையை உருவாக்கிப் பார்ப்பது இன்னும் ஆபத்து. டிஸ்க்குகளின் முறையோ தொடக்க இடமோ கொஞ்சம் தவறினாலும், மேலே எழுதுவது பழைய தகவலின் மீதே எழுதப்படும். கெட்ட டிஸ்கை உறைபெட்டியில் வைத்து எடுத்தால் உயிர் வரும் என்று ஒரு நம்பிக்கை இன்னும் உலவுகிறது. வெளியே எடுத்ததும் ஈரம் படிந்து, சுழலும் தட்டின் பரப்பே போய்விடலாம். இதை யார் சொன்னாலும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

நம் ஆள் sdd-யை அப்படியே sdf என்ற ஒரு புது டிஸ்குக்கு நகலெடுக்கிறார். கஷ்டமான இடங்களைத் தாண்டிக்கொண்டு நல்ல பகுதியை முதலில் எடுத்துவிட வேண்டும், அப்புறம்தான் விட்டதைத் தொட வேண்டும்.

```
ddrescue -f -n /dev/sdd /dev/sdf rescue.map
ddrescue -f -d -r3 /dev/sdd /dev/sdf rescue.map
```

வினாடிக்கு சராசரியாக 140 மெகாபைட் என்றால் 2 டெராபைட்டுக்கு நான்கு மணி நேரம் ஆகும். ஒன்பது மணிக்குத் தொடங்கியது ஒரு மணிக்கு முடிகிறது. இரண்டாவது கட்டளையும் ஓடிய பிறகு எஞ்சியவை மூன்று இடங்கள், ஒவ்வொன்றும் 4096 பைட். அவை sdf-இல் வெறுமையாக இருக்கின்றன. நகலில் தலைப்புப் பகுதியும் சேர்ந்தே வந்திருப்பதால், பழைய sdd-யைக் கழற்றிவிட்டுத்தான் மேலே போகவேண்டும். இல்லாவிட்டால் ஒரே அடையாளத்தோடு இரண்டு டிஸ்க் நிற்கும்.

```
mdadm --stop /dev/md0
mdadm --assemble --force --readonly /dev/md0 /dev/sdb1 /dev/sdc1 /dev/sdf1
mount -o ro,noload /dev/md0 /mnt
```

13 நிகழ்வு பின்தங்கிய டிஸ்கை ஏற்றுக்கொள்ளச் சொல்வதுதான் `--force`. வரிசை எழுந்துவிடுகிறது. கோப்புகள் தெரிகின்றன. பலர் இங்கேயே நிறுத்திக்கொள்வார்கள், அந்த மூன்று இடங்களைப் போனதாகவே வைத்துக்கொள்வார்கள்.

ஆனால் ஒதுக்கி வைத்த sde இப்போது கை கொடுக்கும். அது பழையது, அவ்வளவுதான். கடந்த மூன்று மாதத்தில் யாரும் தொடாத இடங்களில் அதில் இருப்பது இன்றும் சரியே. அந்த இடங்களில் நான்கும் சேர்ந்து இரட்டை என்ற உறவு உடையவே இல்லை. எனவே sdb, sdc, sde மூன்றையும் ஒரே இடத்தில் வாசித்தால் sdd-யில் வாசிக்க முடியாமல் போனது கிடைக்கும்.

```python
def xor3(a, b, c):
    return bytes(x ^ y ^ z for x, y, z in zip(a, b, c))
```

அந்த இடம் உண்மையிலேயே மாறவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டு சோதனை இருக்கிறது. ஓட்டைக்கு இரு பக்கமும் நன்றாக வாசிக்க முடிந்த செக்டர்களை sdf-இலிருந்து எடுத்து, மற்ற மூன்றோடும் சேர்த்து எக்ஸ்-ஆர் செய்து பார்க்கலாம். எல்லாம் பூஜ்யம் என்றால் அக்கம்பக்கத்தில் மூன்று மாதமாக யாரும் எழுதவில்லை. பூஜ்யம் வராவிட்டால் அந்தப் பகுதியில் sde-ஐ நம்பக்கூடாது. இது வலுவான சான்று, ஆனாலும் முழு நிரூபணம் ஆகாது. ஓட்டைக்குள் மட்டும் யாரோ எழுதியிருக்க வாய்ப்பு உண்டு. அதனால் இரண்டாவதாக, நான்கு டிஸ்கிலும் அதே இடத்தைப் பிடித்திருக்கும் கோப்புகள் எவை என்று `debugfs` மூலம் கண்டுபிடித்து, அவை எப்போது கடைசியாக மாறின என்று பார்க்கவேண்டும். ஒரே ஒரு கோப்பைப் பார்த்தால் போதாது. b, c, e மூன்றில் எது மாறியிருந்தாலும் கணக்கு தவறிவிடும்.

முதல் இடத்தில் பக்கத்துச் செக்டர்கள் பூஜ்யம், கோப்புகளும் இரண்டு ஆண்டு பழைய ஸ்கேன் படங்கள். வரிசையை நிறுத்திவிட்டு, கணக்கிட்ட 4096 பைட்டை sdf-இல் எழுதுகிறார். மறுபடி எழுப்பித் திறந்தால் படம் முழுதாக வருகிறது. இரண்டாவது இடத்திலும் அக்கம்பக்கம் பூஜ்யம், நான்கு டிஸ்கிலும் அந்த இடத்தில் எந்தக் கோப்பும் இல்லை, வெற்றிடம். மூன்றாவதில் பூஜ்யம் வரவில்லை. அது சென்ற வாரம் வரை ஆட்கள் திருத்திக்கொண்டிருந்த ஒரு பதிவேடு. அங்கே sde சொல்லும் விடை பொய்யாகிவிடும் என்பதால் தொடவில்லை. அந்த ஒரு கோப்பின் முந்தைய நாள் நகல் ஓர் ஊழியரின் கணினியில் இருந்தது, அதிலிருந்து எடுத்துக்கொண்டார்.

மணி மூன்றரை. நான்காவதாக இன்னொரு டிஸ்கைச் சேர்த்து, விட்டுப்போனதைக் கணக்கிட்டு அதில் நிரப்பும் மறுகட்டமைப்பை இப்போதே தொடங்கலாமே என்று தோன்றும். அவர் தொடங்கவில்லை, அதுதான் சரி. மூன்று டிஸ்கில் நிற்கும் வரிசை முழுத் தகவலையும் தரும், காலையில் ஆட்கள் வேலை பார்க்க அதுவே போதும். மறுகட்டமைப்போ மூன்று டிஸ்க்கையும் முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கும். அதில் இன்னொன்று தடுமாறினால் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. எனவே முதலில் முக்கியமான ஃபோல்டர்கள் ஒரு வெளி டிஸ்குக்குப் போகின்றன. ஏழரை மணிக்கு அது முடிந்ததும் கோப்பு முறைமையைச் சரிபார்த்து, எழுதும் நிலைக்கு மாற்றிவிட்டார்.

மிச்சமிருந்த கேள்வி, sde ஏன் விலகியது என்பது. `smartctl` காட்டிய பட்டியலில் மோசமான செக்டர் ஒன்றுகூட இல்லை. `UDMA_CRC_Error_Count` மட்டும் நூற்றுக்கணக்கில் இருந்தது. டிஸ்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் போகும்போது தகவல் சிதைந்தால் கூடும் எண்ணிக்கை அது, பெரும்பாலும் கேபிளின் குற்றம். கேபிளை மாற்றி நீளமான சோதனை ஓட்டி, எண்ணிக்கை மேலே ஏறவில்லை என்று உறுதியான பிறகு, மறுநாள் இரவு அதன் பழைய தலைப்பை அழித்துப் புது உறுப்பினராகச் சேர்த்தார். அன்று மறுகட்டமைப்பு நான்கு மணி நேரத்தில் முடிந்தது. முடிந்த கையோடு எச்சரிக்கை அஞ்சலின் முகவரியை மாற்றி, `mdadm --monitor --scan --oneshot --test` கொடுத்து, அஞ்சல் தன் போனுக்கே வந்து சேருகிறதா என்று பார்த்துக்கொண்டார்.