வழக்குப் போட்டுவிட்டால் நாள் ஓடிவிடுமா?

இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் வந்துவிட்டார்கள். மூவரும் ஏற்கெனவே குடும்ப நல நீதிமன்றத்தில் விவாகரத்து மனு போட்டவர்கள். மூன்று மனுவிலும் ஒரே தப்பு. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வரும் மனுவைப் பற்றித்தான் சொல்கிறேன். மற்ற மதத்தினருக்குச் சட்டம் வேறு, காரணங்களும் கணக்கும் கொஞ்சம் மாறும்.

இதே தப்போடு 2024 ஜூலையில் ஒரு பெண் தன் அம்மாவோடு வந்தார். 2019 செப்டம்பரில் கல்யாணம், ஒரு குழந்தை. 2022 ஆகஸ்டில் கணவர் இவரைத் தாய் வீட்டில் விட்டுப் போனார். திரும்ப அழைக்க வரவில்லை. தெரிந்த ஒருவர் மூலமாக 2023 டிசம்பரில் மனு டைப் அடித்துத் தாக்கல் செய்திருக்கிறார்கள். பத்தொன்பது பக்கம். மாமியார் சொன்னது, நாத்தனார் சிரித்தது, சீர்வரிசையில் குறை சொன்னது என்று எல்லாம் இருக்கிறது, ஒன்றுக்கும் தேதி இல்லை. விவாகரத்துக்குச் சொன்ன காரணம் ஒன்றே ஒன்று: கைவிட்டுச் சென்றது.

2022 ஆகஸ்டிலிருந்து 2023 டிசம்பர் வரை எண்ணிப் பாருங்கள். பதினாறு மாதம். சட்டம் கேட்பது இரண்டு வருடம்.

இதைச் சொன்னதும் அந்தப் பெண் பதில் தயாராக வைத்திருந்தார். “கேஸ் நடந்துகிட்டு இருக்கும்போதே ரெண்டு வருஷம் முடிஞ்சிடுமே மேடம், அடுத்த மாசம் ஆகஸ்டுதானே?”

என்னை எரிச்சல்படுத்துவது இந்தக் கேள்விதான். கேட்பவர்மேல் கோபமில்லை, இதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்மேல். சட்டத்தின் 13-ஆவது பிரிவு, மனு தாக்கல் செய்த நாளுக்கு உடனடி முன்பாகத் தொடர்ச்சியாக இரண்டு வருடம் என்கிறது. தாக்கல் செய்த நாளோடு எண்ணிக்கை நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் வழக்கு ஐந்து வருடம் நடந்தாலும் அந்த ஐந்து வருடம் கணக்கில் சேராது. பதினாறு மாதத்தில் போட்ட மனு தீர்ப்பு நாளிலும் பதினாறு மாத மனுதான்.

இன்னொன்று. பிரிந்து இருப்பதும் கைவிடுவதும் ஒன்றல்ல. நியாயமான காரணம் இல்லாமல், மற்றவரின் சம்மதமும் இல்லாமல், திரும்பி வரும் எண்ணமின்றி விலகிப் போவதுதான் கைவிடுதல். வீட்டை விட்டு வெளியே வந்தது நீங்கள் என்றால், வெளியேறும்படி அவர் எப்படிச் செய்தார் என்று நீங்கள்தான் எழுதி நிரூபிக்க வேண்டும். வெறுமனே “நாங்கள் மூன்று வருடமாகச் சேர்ந்து வாழவில்லை” என்பது விவாகரத்துக்கான காரணமே இல்லை.

ஊரில் உலவும் எண்கள்தான் இந்தக் குழப்பத்துக்கு மூலம். ஆறு மாதம் என்பார்கள், ஒரு வருடம் என்பார்கள். கல்யாணமாகி ஒரு வருடத்துக்குள் பொதுவாக விவாகரத்து மனு போட முடியாது, மிகக் கடுமையான கஷ்டம் என்று நீதிமன்ற அனுமதி வாங்கினால் தவிர. இது ஒரு கணக்கு. இருவரும் சம்மதித்துப் போடும் மனுவுக்கு ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், அப்புறம் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தகுந்த வழக்கில் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னது. இது வேறு கணக்கு. கைவிட்டதற்கு இரண்டு வருடம் என்பது மூன்றாவது. கொடுமைக்குக் காத்திருப்புக் காலம் என்று தனியாக எதுவும் கிடையாது. ஒன்றின் எண்ணை எடுத்து இன்னொன்றில் பொருத்தினால் இப்படித்தான் ஆகும்.

சரி, அந்தப் பெண்ணிடம் கேட்டேன்: “நடுவுல எப்பவாவது சேர்ந்து இருந்தீங்களா?” இல்லை என்று தலையாட்டினார். அவர் அம்மாதான், “காதுகுத்துக்குப் போனாளே வக்கீலம்மா” என்றார்.

2023 மே. குழந்தைக்குக் காதுகுத்து. ஊருக்குத் தெரியக்கூடாது என்று பெரியவர்கள் பேசி, ஒன்பது நாள் கணவர் வீட்டில் போய் இருந்திருக்கிறார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் ஆல்பம் கணவரிடம் இருக்கிறது. அவர் வக்கீல் அதைச் சான்றாவணமாகக் குறியீடு செய்துவிட்டு, “மே மாதம் சேர்ந்துதான் வாழ்ந்தார்கள், இரண்டு வருடம் அங்கிருந்துதான் தொடங்கும்” என்பார். உறவைத் தொடரும் எண்ணத்தில் போகவில்லை என்று நாம் வாதாடலாம்தான். ஆனால் மனுவில் அந்த ஒன்பது நாளைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லாதபோது, மறைத்ததாகத்தான் தெரியும்.

உங்களுக்குச் சங்கடமான தேதியை முதலில் உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள், தயவுசெய்து. எதிர்த்தரப்பு வாயால் அதைக் கேட்கும் நாளில் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

இனிக் கட்டணம். விவாகரத்து மனுவுக்கு நீதிமன்றக் கட்டணம் சொத்து மதிப்பைப் பார்த்து வருவதில்லை. நிர்ணயித்த சிறிய தொகை. பலர் பயப்படும் அளவுக்கு எதுவும் இல்லை. நகையையும் ரொக்கத்தையும் திருப்பிக் கேட்டுத் தனியாக வழக்குப் போடும்போதுதான் மதிப்பின்மேல் கட்டணம் வரும். தமிழ்நாட்டில் 2017-க்கு அப்புறம் அது 3 சதவீதம். 15 லட்சம் மதிப்பு என்று காட்டினால் 45,000 ரூபாய். “நூறு பவுன் போட்டோம்” என்று ரோஷத்தில் எழுதச் சொல்பவர்கள் இதைக் கேட்டதும் அறுபது பவுனுக்கு இறங்கி வருவதை நான் பார்த்திருக்கிறேன். ரசீது இருக்கிற நகையை எழுதுங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்றே பார்க்காமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி உண்டு. இதை யாரும் சொல்வதே இல்லை.

மனுவோடு கல்யாணப் பத்திரிகை, திருமணப் போட்டோ அல்லது பதிவுச் சான்று, நீங்கள் இப்போது குடியிருக்கும் முகவரிக்கு ஆதாரம், எதிர்த்தரப்புக்கு ஒரு நகல், நோட்டீஸ் அனுப்பக் கட்டும் பேட்டா கட்டணம் எல்லாம் போக வேண்டும். மனைவி மனுதாரராக இருந்தால் தான் வசிக்கும் ஊர் நீதிமன்றத்திலேயே போடலாம். கணவருக்கு அந்த வசதி இல்லை. கல்யாணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், மனைவி இருக்கும் ஊர் என்று பார்த்துத்தான் போட வேண்டும். ஏதாவது குறை இருந்தால் கட்டு ‘ரிட்டர்ன்’ ஆகும். அதைப் பார்த்து வழக்கே தள்ளுபடியாகிவிட்டது என்று இரவு பதினொரு மணிக்குப் போன் செய்து அழாதீர்கள். கேட்டதைச் சரிசெய்து, கொடுத்த நாளுக்குள் திரும்பத் தாக்கல் செய்தால் வழக்குக்கு நம்பர் கிடைத்துவிடும். எனக்கே ரிட்டர்ன் வரும்.

அந்தப் பத்தொன்பது பக்க மனுவின் கடைசிப் பத்தியில் ‘மற்றும் ஜீவனாம்சமும் வழங்க வேண்டும்’ என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியை நம்பித்தான் ஏழு மாதம் காத்திருக்கிறார்கள். வழக்கு நடக்கும் காலத்துக்கு இடைக்கால ஜீவனாம்சம் வேண்டுமென்றால் அதற்குத் தனி மனு போட வேண்டும். அதோடு இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் காட்டி ஒரு பிரமாணப் பத்திரம் தர வேண்டும் என்பது 2020-இல் உச்ச நீதிமன்றம் போட்ட விதி. ஜீவனாம்சம் பொதுவாக மனு போட்ட நாளிலிருந்துதான் கணக்காகும் என்பதும் அதே தீர்ப்பில்தான். அந்த ஏழு மாதப் பணத்தை இனி யார் தருவார்கள்?

முதல் வாய்தாவுக்கு அந்தக் குடும்பம் வேன் பிடித்துப் பதினோரு பேராகப் போயிருக்கிறது. டவாலி பெயரைக் கூப்பிட்டிருக்கிறார், இவர் போய் நின்றிருக்கிறார், “நோட்டீஸ் ரிட்டர்ன், புது முகவரி தாக்கல் செய்யவும்” என்று அடுத்த தேதி கொடுத்துவிட்டார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. “ஜட்ஜ் எங்கிட்ட ஒண்ணுமே கேக்கல” என்றார், இன்னும் ஆறாமல்.

கேட்க மாட்டார்கள். முதல் வாய்தா எதிர்த்தரப்பு ஆஜராவதற்கான நாள், உங்கள் கதையைச் சொல்லும் நாள் அல்ல. கணவர் காலி செய்துவிட்டுப் போன வாடகை வீட்டின் முகவரியை எழுதியிருந்ததால் ‘முகவரியில் இல்லை’ என்று தபால் திரும்பியிருந்தது. ‘வாங்க மறுத்தார்’ என்று திரும்பினால் சார்பு ஆனதாக, அதாவது அவரிடம் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். ‘இல்லை’, ‘கதவு பூட்டியிருந்தது’ என்று வந்தால் திரும்ப பேட்டா கட்ட வேண்டும். தெரிந்த எல்லா முகவரியையும், வேலை பார்க்கும் இடத்தையும் சேர்த்து, முதலிலேயே கொடுத்துவிடுங்கள்.

அவர் வந்துவிட்டால் பெரும்பாலும் கவுன்சலிங்குக்கு அனுப்புவார்கள். சமரசத்துக்கு முயற்சி செய்வது 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டம் நீதிமன்றத்துக்கே வைத்திருக்கும் கடமை. உங்களைச் சேர்த்துவைக்க நீதிபதி முடிவெடுத்துவிட்டார் என்று அர்த்தமில்லை. நோட்டீஸ் சார்பாகியும் அவர் வரவில்லை என்றால் எக்ஸ்பார்ட்டி ஆவார், அதாவது அவர் இல்லாமலே வழக்கு நடக்கும். அப்போதும் நீங்கள் நிரூபிக்கத்தான் வேண்டும், இரண்டு வருடக் கணக்கு உட்பட. நீங்கள் போகவில்லை என்றால் உங்கள் மனு தள்ளுபடியாகிவிடும், முப்பது நாளுக்குள் மீட்க மனு போட வேண்டும். வேனில் பதினோரு பேர் வர வேண்டாம். நீங்கள் வந்தால் போதும்.

அந்தப் பெண்ணின் பழைய மனுவை, புதிதாகத் தாக்கல் செய்ய அனுமதி பெற்று வாபஸ் வாங்கினோம். 2025 மே வரை காத்திருக்கத் தேவையில்லை, ஏனென்றால் நாத்தனார் சிரித்ததற்கு நடுவில் உண்மையான கொடுமையும் புதைந்து கிடந்தது. தாலிக்கொடியை அடகு வைத்த ரசீது, கை வீங்கிப் போனபோது அரசு மருத்துவமனையில் வாங்கிய சீட்டு, பிரசவத்துக்கு வராதது, தேதியோடு. இரண்டாவது மனு எட்டுப் பக்கம். காதுகுத்து ஒன்பது நாளுக்குத் தனிப் பத்தி: யார் பேசி அனுப்பினார்கள், எந்த அறையில் யாரோடு படுத்தார், எட்டாம் நாள் இரவு என்ன நடந்தது என்று. கொடுமையை மன்னித்துவிட்டுத்தான் போய் இருந்தார் என்று எதிர்த்தரப்பு சொல்லும், அதற்குப் பதில் மனுவிலேயே இருக்க வேண்டும். ஜீவனாம்ச மனுவை அன்றைக்கே தனியாகப் போட்டோம்.

அடுத்து வருபவர்களுக்கு: வரும்போது ஒரு வெள்ளைத்தாளில் தேதிகளை மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள். கல்யாணம், குழந்தை, பிரிவு, நடுவில் சேர்ந்து இருந்த நாட்கள், ஒரே ஒரு நாள் தங்கியிருந்தாலும்.