பழைய கீபோர்டும் ஒரு டம்ளர் உப்புத் தண்ணியும்

"கீபோர்டு செத்துப்போச்சு, குப்பைல போட்ரவா, இல்ல அதுல ஏதாச்சும் தேறுமா?"ன்னு வாசகர் ஒருத்தர் கேட்டிருந்தார். முதல்ல அது எந்த வகைன்னு பாருங்க. பட்டனுக்கு அடியில ரப்பர் குமிழும் பிளாஸ்டிக் ஷீட்டும் இருந்தா அது மெம்பிரேன், அதுல கழட்டி வேற எங்கயாவது மாட்ட பெருசா ஒண்ணும் இல்ல, பட்டன் மேல இருக்குற மூடி, அதாவது கீகேப்கூட பெரும்பாலும் அதே மாடலுக்குத்தான் பொருந்தும். மெக்கானிக்கல்னா கதையே வேற, ஒவ்வொரு பட்டனுக்கும் தனி ஸ்விட்ச், அந்த ஸ்விட்ச் மேல கூட்டல் குறி மாதிரி ஒரு தண்டு இருந்தா கேப்பும் இன்னொரு போர்டுல போய் உக்காரும்.

சரி, எந்த கேப்பை எடுத்து வைக்கிறது? கேப் பெரும்பாலும் ஏபிஎஸ் இல்லன்னா பிபிடிங்கிற பிளாஸ்டிக். ஏபிஎஸ் விரல் பட்டுப் பட்டு வழவழன்னு மின்ன ஆரம்பிச்சிடும், பிபிடி ரொம்ப நாள் தாங்கும். கண்ணால பாத்தா நிறைய நேரம் குழம்பும், ஆனா இதுக்கு ஒரு அருமையான வழி இருக்கு. 200 மில்லி தண்ணில ரெண்டு வகை கேப்பையும் போடுங்க, உள்ள காத்துக் குமிழி நின்னா ஆட்டி வெளியேத்திடுங்க, இல்லன்னா எல்லாமே மிதந்து உங்கள ஏமாத்தும். குமிழி போனதும் ரெண்டும் மூழ்கிடும். இப்ப சுமார் 40 கிராம் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமா போட்டுக் கலக்கிட்டே இருங்க, உப்பு கரையக் கரைய தண்ணியோட அடர்த்தி மில்லிக்கு 1.12 கிராம் கிட்ட ஏறும், ஏபிஎஸ்ஸோட அடர்த்தி 1.05 சொச்சம், பிபிடி 1.3க்கு மேல, அதனால அடில கிடந்த ஏபிஎஸ் மட்டும் மெல்ல எழும்பி மேல வந்து நிக்கும்! எத்தனை தடவ பாத்தாலும் எனக்கு இது அலுக்கல.

மறுசுழற்சி ஆலைல பெரிய தொட்டில நடக்கிறதும் இதேதான், தீப்பிடிக்காம இருக்க புரோமின் சேத்த ஏபிஎஸ் கனம் கூடி மூழ்கிடும், அதையும் இப்படியே தனியா பிரிப்பாங்க. அதனால மூழ்குற எல்லாம் பிபிடின்னு நினைச்சிடாதீங்க, ஆனா மிதக்குறது பிபிடி இல்லவே இல்ல.

ஸ்விட்ச் எடுக்க, சால்டர் இல்லாம ஸ்விட்ச்சை சொருகி வச்சிருக்குற ஹாட்ஸ்வாப் போர்டுன்னா, அதைப் பிடிச்சு இழுக்குற புல்லர் வச்சு நேரா இழுத்தா போதும். சால்டர் பண்ணதுன்னா ரெண்டு பின்லயும் ஈயத்தை உருக்கி பம்ப்பால உறிஞ்சுங்க, பின் லேசா ஆடுதான்னு பாத்துட்டுத்தான் இழுக்கணும், ஆடாததை இழுத்தா போர்டோட செம்புத் தடம் பிஞ்சு வந்துரும். அப்புறம் மல்டிமீட்டர்ல கன்டின்யூட்டி வச்சு அழுத்துங்க, அழுத்தும்போது பீப், விட்டதும் நிக்கணும். அழுத்திப் பிடிச்சிருக்கும்போதே பீப் விட்டு விட்டு வந்தா அந்த ஸ்விட்ச் ஒரே எழுத்தை ரெண்டு தடவ அடிக்கும், அதைக் கழிச்சிடுங்க.

தங்கம் இருக்குன்னு வீட்ல ஆசிட் ஊத்துற வீடியோவ நம்புறது எனக்கு மூடநம்பிக்கையாத்தான் படுது, மெம்பிரேன் ஷீட்டுல இருக்கறது பெரும்பாலும் மெல்லிசான வெள்ளி மை, கிடைக்கிறத விட புகைதான் அதிகம். ஸ்டீல் தட்டு, கேபிள் செம்பு, சர்க்யூட் போர்டு இதுக்கெல்லாம் மதிப்பு உண்டு, மொத்தமா மின்கழிவு வாங்குறவங்ககிட்ட குடுங்க. மெம்பிரேன்ல இருக்குற குமிழ் சிலிகான் ரப்பரா இருந்தா அதை மட்டும் திரும்ப உருக்க முடியாது. வயர்லெஸ்ஸா இருந்தா லித்தியம் பேட்டரியக் கழட்டி, முனைல டேப் ஒட்டித் தனியா குடுங்க, நசுக்குற மெஷின்ல அது சிக்குனா தீதான்.