தாத்தாவின் காது எங்கே இருந்தது?

பழைய போட்டோக்களைச் சரிசெய்து கொடுப்பது என் தொழில். படத்தை வாங்கிப் போகிறவர்கள் "அச்சு அசல் அப்படியே இருக்கார்" என்பார்கள். இதில் எது பழைய படத்தில் இருந்தது, எது நாங்களாகப் போட்டது என்று கேட்பவர்கள் அபூர்வம். கேட்டதோடு நிற்காமல், அதையே சொந்தக்காரர்கள் முன்னால் மைக் பிடித்துச் சொன்ன ஒரு பேரனைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மன்னார்குடிப் பக்கத்துக் குடும்பம். தாத்தா பிறந்து நூறு வருஷம் ஆனதை ஒட்டி எல்லோரும் கூட ஏற்பாடாகியிருந்தது. தாத்தாவுக்கு இருந்தது ஒரே போட்டோ, 1950களில் ஸ்டுடியோவில் எடுத்த எட்டுக்கு ஆறு அங்குலக் கறுப்பு வெள்ளைப் படம். என்னிடம் வந்தபோது அது கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது.

டெல்டாப் பக்கம் இது அடிக்கடி நடப்பதுதான். அந்தக் காலத்துப் போட்டோத் தாளின் மேல்படலம் ஜெலட்டின். ஐப்பசி மழையில் டப்பாவுக்குள் இருக்கும் வெல்லம் கசிகிற மாதிரி, ஈரம் பட்டால் ஜெலட்டின் இளகிப் பிசுபிசுக்கும். பிரேமில் கண்ணாடியும் படமும் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்திருந்தால், இளகிய படலம் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே காய்ந்துவிடும். சுவர் ஓதம் ஒரு காரணம். திவசத்துக்குத் திவசம் போடுகிற ஈர மாலை இன்னொன்று. அந்தத் தண்ணீர் கண்ணாடி வழியாக இறங்கிப் பிரேமின் கீழ்விளிம்புக்குள் போய்விடும். ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கப் படத்தைச் சாய்த்துப் பிடித்தால் போதும். ஒட்டிய இடம் நனைந்தது போலக் கறுத்து மின்னும், ஒட்டாத இடம் கொஞ்சம் வெளுத்துத் தெரியும்.

அப்படித் தெரிந்தால் அதற்குமேல் கையை வைக்காதீர்கள். ஈரத்துணி, ஹேர் டிரையர், பிளேடு எதுவும் வேண்டாம். இந்த வீட்டில் பெரியப்பா கத்தியை விட்டு நெம்பியிருக்கிறார். கண்ணாடி உடைந்தது. படத்தின் இடப்பக்கத்தில் காதும் தோளும் இருந்த இடத்தில் வெறும் வெள்ளைத் தாள் தெரிந்தது.

நான் முதலில் கேட்டது, "அந்தக் கண்ணாடித் துண்டு எங்கே?" என்றுதான். தாளிலிருந்து உரிந்த படலம் கண்ணாடியில்தானே இருக்கும். குப்பையில் போட்டாச்சு என்றார்கள். அப்புறம் பாட்டி ஒரு துண்டை மட்டும் செய்தித்தாளில் சுற்றிப் பீரோவில் வைத்திருப்பது தெரியவந்தது. உள்ளங்கை அகலம்கூட இல்லை, ஆனால் காது முழுசாக அதில் இருந்தது. தோள் இருந்த துண்டு போனது போனதுதான்.

ஒட்டியிருந்த மீதியை நான் பிரிக்கவில்லை. மரச்சட்டத்தை மட்டும் கழற்றிவிட்டு, படத்தைக் கண்ணாடியோடு ஸ்கேனரில் வைத்தேன். இதற்குச் சிசிடி வகை ஸ்கேனர் வேண்டும். வீட்டுப் பிரிண்டரோடு வருவது பெரும்பாலும் வேறு வகை, தட்டை விட்டு இரண்டு மில்லிமீட்டர் விலகினாலே படம் மங்கிவிடும். உடைந்த துண்டையும் படலம் இல்லாத பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, மேலே வெள்ளைத் தாளை மூடித் தனியாக ஸ்கேன் செய்தோம். பின்னால் வெள்ளை வந்ததும் காது பழைய அழுத்தத்தோடு தெரிந்தது. 600 டிபிஐ வைத்ததால், இரண்டு மடங்கு பெரிதாக்கிப் பன்னிரண்டுக்குப் பதினாறு அளவில் அச்சிட்டபோதும் தெளிவு குறையவில்லை.

கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று கிரே மோடில் ஸ்கேன் செய்கிறவர்கள் உண்டு. கலரில் செய்யுங்கள், படம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல்களாகப் பிரிந்து கிடைக்கும். பழுப்புக் கறை நீலச் சேனலில் அடர்ந்து தெரியும், சிவப்புச் சேனலில் ஏறக்குறைய காணாமல் போகும். தாத்தா நெற்றியில் படர்ந்திருந்த கறையில் முக்கால்வாசி சிவப்புச் சேனலை மட்டும் எடுத்ததிலேயே போய்விட்டது, பிரஷ்ஷைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

நெற்றியில்தான் அடுத்த பிரச்சினையும். அத்தை வந்து, "அப்பாவுக்குப் புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு உண்டு தம்பி, அது எங்கே?" என்றார். பெரிதாக்கிப் பார்த்தால் அந்த இடத்தில் சன்னமான பென்சில் சுழிகள். அந்தக் கால ஸ்டுடியோக்களில் நெகட்டிவ் மேலேயே பென்சிலால் டச்சப் செய்வார்கள். பென்சில் பட்ட இடம் அச்சில் வெளுக்கும், சுருக்கமும் தழும்பும் மறையும். அதாவது தழும்பைக் காலம் அழிக்கவில்லை, படம் அச்சாவதற்கு முன்பே ஸ்டுடியோக்காரர் அழித்துவிட்டார். அத்தை சொன்னதை நான் நம்பினேன். ஆனாலும் தழும்பை வரையவில்லை. எவ்வளவு நீளம், எந்தச் சாய்வு என்று எனக்கு எப்படித் தெரியும்? கலர் போடச் சொன்ன சித்தப்பாவிடமும் இதையேதான் சொன்னேன். தாத்தா தோளில் போட்டிருந்த துண்டின் கரை சிவப்பா பச்சையா என்று சாம்பல் நிறத்தை வைத்துச் சொல்லவே முடியாது.

வேலை முடிந்து கொடுக்கும்போது மூன்று சேர்த்துக் கொடுப்பேன்: கைவைக்காத ஸ்கேன், சரிசெய்த படம், எங்கெங்கே என்ன செய்தேன் என்று ஒரு பக்கக் குறிப்பு. குறிப்பைப் பெரும்பாலானவர்கள் கவரிலேயே விட்டுவிடுவார்கள். இந்தப் பேரன் மண்டபத்தில் அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். பழைய படம் ஒரு பக்கம், புதியது ஒரு பக்கம்.

"பெரியவங்க எல்லாருக்கும் வணக்கம். இந்தப் படத்தில் தாத்தா முகம் முழுக்க ஒரிஜினல்தான். கறையை மட்டும் எடுத்திருக்கு. இந்தக் காது, பாட்டி பத்திரமா வெச்சிருந்த கண்ணாடித் துண்டிலேர்ந்து வந்தது. பாட்டி வெக்கலைன்னா யாரோ ஒருத்தர் காதைத்தான் நாம தாத்தா காதுன்னு பார்த்துக்கிட்டு இருப்போம். இந்தத் தோளும் துண்டும் தாத்தாவோடது இல்லை. அந்தப் பக்கத் தோளைப் பார்த்து இந்தப் பக்கம் வரைஞ்சது. அத்தை சொல்ற தழும்பு இதில் இல்லை, ஸ்டுடியோவிலேயே மறைச்சுட்டாங்க. ஆனா தழும்பு இருந்தது நிஜம். அது எப்படி வந்ததுன்னு அத்தை இப்ப சொல்வாங்க, நான் எழுதிக்கிறேன்."

மைக் அத்தைக்குப் போனது. களத்தில் வண்டி நுகத்தடி பட்ட கதையை அவர் சொல்ல, "அது நுகத்தடி இல்லை, ஏர்க்கால்" என்று பெரியப்பா மறுக்க, பேரன் இரண்டையும் எழுதிக்கொண்டார். பிறகு வீட்டுக்கு வீடு கொடுத்த பிரதிகளின் பின்னால் தோள் பற்றிய குறிப்பையும் தழும்பு பற்றிய வாக்குமூலத்தையும் ஒட்டியிருந்தார். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதும் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லியிருந்தேன். போட்டோவாக அனுப்பினால் அளவைச் சுருக்கிவிடும், பிறகு அதிலிருந்து யாராவது பெரிய படம் போட்டால் முகம் மெழுகாகிவிடும்.

பழைய படம் கண்ணாடியோடேயே அமிலமில்லாத தாளில் சுற்றி, தட்டையான பெட்டியில் பீரோவுக்குப் போனது. பரணில் வைக்க வேண்டாம் என்றேன், வெக்கையும் வெள்ளிப்பூச்சியும் அங்கேதான் அதிகம். சுவரில் மாட்டியது புதிய அச்சை. கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே அட்டை மவுன்ட், பிரேமின் பின்மூலைகளில் காற்று போகத் தக்கைத் துண்டுகள். மாலையை இனிச் சட்டத்தின் மேல் போடாமல், பக்கத்தில் ஆணி அடித்து மாட்டுவதாகப் பாட்டி ஒத்துக்கொண்டார். பொட்டு மட்டும் கண்ணாடியில்தான் வைப்பேன் என்றார். சரி, ஈரச் சந்தனம் வேண்டாம், உலர்ந்த குங்குமம் ஒரு துளி போதும் என்று அங்கே சமாதானமானோம்.

பேச்சு முடிந்ததும் ஒருவர் தன் பெற்றோரின் கல்யாணப் போட்டோவைப் பையிலிருந்து எடுத்தார். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று யாரோ லேமினேட் செய்து கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சூட்டில் பசை படலத்தோடு கலந்துவிடும், பிளாஸ்டிக்கை உரித்தால் படமும் சேர்ந்து வரும். உரிக்காமல் அப்படியே ஸ்கேனுக்குக் கொண்டுவரச் சொன்னேன்.