அஞ்சு நிமிஷமாம், அஞ்சு நிமிஷம்!

ஓசூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஒரே இயந்திரம் மூன்றாவது முறையாக நின்றுபோனதும் வெளிநாட்டு மேலாளர் ஆங்கிலத்தில் செய்தி அனுப்பினாராம். இவர் அதை "அருமை, இன்னொரு ஐந்து நிமிட ரிப்பேர்" என்று தமிழில் குழுவுக்குப் போட்டார். தொழிலாளர்கள் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும் என்று நம்பிக் காத்து நின்றிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பில் ஒரு சொல்கூடத் தப்பில்லையே, எங்கே கோளாறு?

கிண்டல் என்றால் சொல்வதற்கு எதிரான பொருள் என்று வஞ்சப்புகழ்ச்சியணியில் படித்திருப்போம். அது பாதிதான் சரி. "ஐந்து நிமிட ரிப்பேர்" என்பதற்கு எதிர்ப்பதம் என்ன? 1981-இல் டான் ஸ்பெர்பர், டெயர்ட்ரி வில்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வேறு விளக்கம் தந்தார்கள். கிண்டல் செய்பவர் தன் கருத்தைச் சொல்வதில்லை. இன்னொருவர் சொன்னதை எதிரொலித்து, "இதையெல்லாம் நம்பச் சொல்கிறார்கள்" என்று தள்ளி நிற்கிறார். மேலாளர் எதிரொலித்தது, முன்பு இருமுறையும் "அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும்" என்ற மெக்கானிக்கின் வாக்கை. மொழிபெயர்ப்பில் வாக்கு வந்தது, அது மெக்கானிக்குடையது என்ற தடயம் வரவில்லை.

எனக்கு இதில் பிடித்ததே இனிமேல்தான். ஆங்கிலம் இந்த எதிரொலியைப் பெரும்பாலும் குரலிடம் விட்டுவிடுகிறது. தமிழிலோ அதற்கென்றே ஓர் ஒட்டு இருக்கிறது: "-ஆம்". "மழை வருமாம்" என்றால் நான் சொல்லவில்லை, யாரோ சொன்னது. இதுவரை கிண்டல் இல்லை, வெறும் சேதிதான். அதே சொல்லை இரட்டித்து, "அஞ்சு நிமிஷமாம், அஞ்சு நிமிஷம்!" என்று எழுதிப் பாருங்கள். குரலே இல்லாமல் ஏளனம் கேட்கிறது. தொடக்கத்து "அருமை"யை "இது ஒண்ணுதான் குறைச்சல்" என்று மாற்றினால், அதைப் பாராட்டாக யாரும் படிக்க மாட்டார்கள். சிரிக்கும் பொம்மையைக் கடைசியில் ஒட்டுவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி. அந்தப் பொம்மையைச் சிலர் உண்மையான மகிழ்ச்சி என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

தன் கிண்டல் எழுத்தில் புரியாமல் போகலாம் என்பது மேலாளருக்கு ஏன் உறைக்கவில்லை? உளவியலாளர் ஜஸ்டின் குரூகரும் சகாக்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் செய்தி கிண்டலா இல்லையா என்பதைப் பெறுபவர்கள் 78 சதவீதம் சரியாகக் கண்டுகொள்வார்கள் என்று செய்தியை அனுப்பியவர்கள் கணித்தார்கள். குரலில் கேட்டவர்கள் 73 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். மின்னஞ்சலில் படித்தவர்கள் 56. பூவா தலையா போட்டாலே 50 வரும். எழுதும்போது நம் குரல் நம் காதில் ஒலிக்கிறது, படிப்பவருக்கு ஒலிப்பதில்லை.

மெக்கானிக் சொன்னது குழுவுக்குத் தெரியாவிட்டால் "-ஆம்" மட்டும் போதாது. "மெக்கானிக் மறுபடியும் அஞ்சு நிமிஷமாம்!" என்று ஆளையும் சேர்க்க வேண்டும். அனுப்புமுன், விவரம் தெரியாத ஒருவரிடம் காட்டி, "இவர் கோபமாக இருக்கிறாரா, சந்தோஷமாகவா?" என்று கேளுங்கள். அவர் தயங்கினால் நகைச்சுவையை விட்டுவிட்டு, "இன்று சரியாகும் என்று மேலாளர் நம்பவில்லை" என்று நேராகவே எழுதிவிடலாம்.