வாரம் ஒரு இரும்பு மாத்திரை: யாருக்குப் போதும், யாருக்குப் போதாது?

மாதவிடாய் வரும் வயதுப் பெண்களிடம் இரத்தசோகை பரவலாக உள்ள இடங்களில், அவர்களுக்கு வாரம் ஒரு மாத்திரை தரலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 2.8 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். இது இரத்தசோகை வராமல் தடுக்கும் அளவு. வந்துவிட்ட இரத்தசோகையை இது சரிசெய்யாது. அதிகம் உதிரம் போகிற பெண்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

கணக்கைப் பாருங்கள். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு உண்டு. ஒரு மாதவிடாயில் 120 மில்லிலிட்டர் போனால் 60 மில்லிகிராம் இரும்பு போகிறது. மாதம் நான்கு மாத்திரையில் 240 மில்லிகிராம் இருந்தாலும், உடல் எடுத்துக்கொள்வது பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால் வெறும் 24தான். உணவில் கிடைப்பதில் பெரும்பகுதி அன்றாட இழப்பை ஈடுகட்டவே சரியாகிவிடும். அப்புறம், சேமிப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதுவும் தீர்ந்த பிறகு ஹீமோகுளோபின் இறங்கும். மாடிப்படி ஏறும்போது பாதியிலேயே கைப்பிடியைப் பிடித்து நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கும். தூங்கி எழுந்தாலும் அசதி போகாது.

எவ்வளவு போகிறது என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருந்தாலோ, பெரிய கட்டிகள் விழுந்தாலோ, ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ அது அதிகம்தான். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. ஆனால் 12.3 என்று வந்துவிட்டது என்பதற்காக நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். அது 15-க்குக் கீழே இருந்தால் சேமிப்பு காலி என்று அர்த்தம்.

ஹீமோகுளோபின் 9 கிராம் உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். மருத்துவர் பொதுவாகத் தினமும் அல்லது ஒன்றுவிட்டு ஒரு நாள் ஒரு இரும்பு மாத்திரை தருவார். தேநீர், காபி, கால்சியம் மாத்திரை எதையும் இதோடு சேர்க்கக் கூடாது, இடைவெளி வேண்டும். மலம் கருப்பாகப் போவது வழக்கம்தான், பயப்பட வேண்டாம். மூன்று, நான்கு வாரத்தில் 11-ஐ நெருங்கினால் மருந்து வேலை செய்கிறது. 12 தாண்டியதும் நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் சாப்பிட வேண்டும். ஏறவே இல்லை என்றால், அல்லது வயிறு தாங்கவில்லை என்றால், நரம்பு வழியே இரும்பு ஏற்றலாம்.

இறைச்சி, மீனில் உள்ள இரும்பு எளிதில் சேரும். பயறு, கீரையில் உள்ளது குறைவாகத்தான் சேரும். அவற்றோடு எலுமிச்சை, கொய்யா போன்ற வைட்டமின் சி உள்ளவற்றைச் சாப்பிட்டால் கூடும். ஆனால் 9 கிராமில் இருப்பவருக்கு உணவு மட்டும் போதாது.

உதிரப்போக்கையும் குறைத்தாக வேண்டும். மாதவிடாய் நாட்களில் மட்டும் சாப்பிடும் டிரானெக்ஸாமிக் அமிலம், கருப்பையில் வைக்கும் ஹார்மோன் சாதனம் இரண்டும் நன்றாகக் குறைக்கும். கருப்பையில் நார்க்கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் செய்து பார்ப்பதும் அவசியம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயங்கி விழுந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.