73 கோடி லிட்டரை ஸ்லைடில் காட்டுவது எப்படி?

கூட்டங்களில் காட்டப்படும் ஸ்லைடுகளைத் திருத்தித் தருவது என் தொழில். குடிநீர்க் குழாய்களைப் பராமரிக்கும் பொறியாளர் ஒருவர் கொண்டுவந்த ஸ்லைடில், கசிவால் ஆண்டுக்கு 73 கோடி லிட்டர் நீர் வீணாகிறது என்று இருந்தது. எளிதில் புரியட்டும் என்று, அது 292 ஒலிம்பிக் நீச்சல் குளங்களுக்குச் சமம் என்றும் அவர் சேர்த்திருந்தார். 50 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் 2 மீட்டர் ஆழமும் உள்ள குளம் 25 லட்சம் லிட்டர் கொள்ளும் என்பதால் கணக்கில் பிழையில்லை. ஆனால் அவ்வளவு நீரைக் கையாண்டு பார்த்தவர்கள் மிகக் குறைவு. அப்படிப்பட்ட 292 குளங்களை யாராலும் மனக்கண்ணில் நிறுத்த முடியாது.

ஒப்பிட எடுக்கும் பொருள், கேட்பவர் தூக்கியோ சுமந்தோ பழகியதாக இருக்க வேண்டும்; வகுத்து வரும் விடையும் விரல்விட்டு எண்ணக்கூடியதாக இருக்க வேண்டும். முதல் நிபந்தனையை மட்டும் கவனித்து 20 லிட்டர் கேனை எடுத்தால், ஆண்டுக்கு மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கேன்கள் என்ற இன்னொரு மலைப்பான எண்தான் கிடைக்கும். ஆகவே பொருளை மாற்றாமல் காலத்தைச் சுருக்கினோம். 73 கோடியை 365 ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 20 லட்சம் லிட்டர். அதை ஒரு நாளின் 86,400 வினாடிகளால் வகுத்தால் ஏறத்தாழ 23 லிட்டர். வினாடிக்கு ஒரு கேனுக்கும் சற்றுக் கூடுதலான நீர் மண்ணில் கொட்டுகிறது என்பதே புதிய ஸ்லைடின் ஒரே வரி. மூல எண்ணையும் கேனின் கொள்ளளவையும் அதன் கீழே சிறிய எழுத்தில் கொடுத்தோம். சரிபார்க்க விரும்புபவருக்கு அந்த வழி திறந்திருக்க வேண்டும்.

படத்திலும் ஒரு தவறு இருந்தது. இரு மடங்கு நீரைக் காட்ட, கேனின் உயரத்தையும் அகலத்தையும் அவர் இரட்டித்திருந்தார்; கண்ணுக்கு அது நான்கு மடங்காகத் தெரியும். ஒரே அளவுள்ள இரண்டு கேன்களை அருகருகே வைத்ததும் அது சரியாயிற்று.

இத்தகைய ஒப்பீடு அளவை உணர்த்துமே தவிர, அது அதிகமா குறைவா என்பதைச் சொல்லாது. மிகப் பெரிய குடிநீர் வழங்கலில் வினாடிக்கு ஒரு கேன் என்பது பொருட்படுத்தத் தேவையில்லாத இழப்பாகக்கூட இருக்கலாம். மொத்த அளவை மறைத்துவிட்டு அந்த வரியை மட்டும் காட்டுவது கேட்பவரை மிரட்டுவதாகும் என்று நான் கருதுகிறேன். இங்கே நாளொன்றுக்கு வழங்கப்பட்டது 1 கோடி லிட்டர். எனவே அடுத்த ஸ்லைடில் ஐந்து கேன்களை வரிசையாக வைத்து, ஒன்றை மட்டும் கவிழ்த்துக் காட்டினோம்.

கூட்டத்துக்கு முன், இத்துறையில் இல்லாத ஒருவருக்கு இரண்டு ஸ்லைடுகளையும் காட்டி, சிறிது நேரம் வேறு பேசிவிட்டு, நினைவில் நின்றதைக் கேட்டேன். “ஐந்து கேன் அனுப்பினால் ஒன்று வழியிலேயே போய்விடுகிறது” என்றார் அவர். 73 கோடி அவருக்கு நினைவில் இல்லை.